பாப்பாவின் ஒரு நாள் (அம்மாவுக்கு எழுதி வைத்தது)

அம்மா,

திங்கட்கிழமை முதல் நான் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன். காலை 6.45க்கு இறங்கினால் பிற்பகல் 2.30க்குத்தான் வீடு வந்து சேருவேன். அதுவரை பாப்பா உங்கள் கையில். நீங்கள் பொகவந்தலாவையிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அவளுக்கு இப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். ஆகவே அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு நேரம் மட்டும் அசையக் கூடாது: மதியம் 12.15க்குத் தூக்கம், 2.15க்கு எழுப்புவது. மற்றதெல்லாம் அரை மணி நேரம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. காரணம் சொல்கிறேன். பல் முளைத்த சமயத்தில் பகல் தூக்கம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. அப்புறம் இரவு பத்து மணி வரை தூங்கமாட்டாள். காலையில் அலுப்போடு எழும்புவாள், சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். நான் போனைக் காட்டி ஊட்டினேன். வாய் தானாகத் திறக்கும், ஆனால் என்ன விழுங்குகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குள் போன் இல்லாவிட்டால் ஒரு பிடி சோறும் இறங்காது என்று ஆகிவிட்டது. அதை நிறுத்தியபோது முதல் மூன்று நாளும் மதியச் சாப்பாடு பெயருக்குத்தான். நான் அழுதேன். நான்காம் நாள் அவளே பிங்கானில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் வைத்தாள். அந்தப் பழக்கம் திரும்பவும் வர வேண்டாம், அம்மா.

காலை 6 மணி

எழும்பினதும் என்னிடம் பால் குடிப்பாள். நான் போகும்போது மறைந்து போகமாட்டேன், "அம்மா போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். அழுவாள். வாசலில் வைத்தே கையசைக்கச் செய்யுங்கள், பிறகு கோழிகளுக்குத் தீனி போடக் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரம் பனி அதிகம், ஸ்வெட்டரும் காதுத் தொப்பியும் போட்டுத்தான் வெளியே.

7.30 காலைச் சாப்பாடு

குரக்கன் கஞ்சி, அல்லது ரொட்டியும் பருப்பும், அல்லது ஒரு அவித்த முட்டையும் பாணும். உயரக் கதிரையில் வைத்து, நீங்களும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் வாயைப் பார்த்துத்தான் அவள் மெல்லப் பழகுகிறாள். பாதியைத் தன் கையால் சாப்பிடட்டும். சிந்தும், முகத்தில் பூசிக்கொள்வாள், விட்டுவிடுங்கள். அரை மணிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். போதும் என்று தலையைத் திருப்பினால் போதும்தான். பின்னால் ஓடி ஓடி ஊட்டாதீர்கள்.

தேத்தண்ணி பற்றி ஒரு வார்த்தை. ரொட்டியைச் சீனி போட்ட சாயத்தண்ணியில் தோய்த்துத்தான் எங்கள் எல்லோரையும் வளர்த்தீர்கள், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மலைக்குப் போகும் அவசரத்தில் அதுதான் கைக்கு எட்டியது. ஆனால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேயிலைச் சாயம் தடுக்கும். சின்னப் பிள்ளைக்கு இரத்தம் குறைந்தால் சோர்ந்து போவாள், பசியும் எடுக்காது. அதனால் அவளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம். நீங்கள் குடிக்கும்போது கேட்பாள். அவளுடைய சின்னக் கோப்பையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள், இருவரும் சேர்ந்து குடித்த மாதிரி இருக்கும்.

8 முதல் 9.45 வரை விளையாட்டு

பல் தேய்த்து, முகம் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகு நாளின் நல்ல நேரம் இதுதான். இங்கே காலையில்தான் வெயில், பிற்பகலில் எந்த நேரமும் மூடுபனி இறங்கிவிடும். அதனால் வெளியே போவதென்றால் இப்போதே. இந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓட்டமும் நடையும் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். வாசல் படி ஏறி இறங்குவது, மேட்டில் தவழ்ந்து ஏறுவது, கோழியைத் துரத்துவது எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

வாசலுக்குக் கீழே உள்ள புல்வெளி போதும். தேயிலைக்குள் போக வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் அட்டை ஏறும், கால் விரல் இடுக்கையும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள். அவளை எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லின் மேல் வைக்கப் பத்து நிமிடம் எடுப்பாள். உங்களுக்குப் பொழுது போகாது என்று தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பாருங்கள், அந்தப் பத்து நிமிடமும் அவள் வேறெங்கும் இல்லை. போனில் அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை.

மழை நாளில் உள்ளே சிரட்டை, மரக் கரண்டி, மூடி போட்ட டப்பா, கழுவின உருளைக்கிழங்கு நான்கு. பழைய கொழுந்துக் கூடையை வீட்டிலேயே வைத்திருக்கிறேன், அதற்குள் ஏறி உட்காருவாள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாலும் அரை மணி நேரம் போகும், ஆனால் பக்கத்தை விட்டு நகராதீர்கள். தண்ணீர் நிரம்பிய வாளி ஒன்றும் வீட்டுக்குள் திறந்திருக்கக் கூடாது. பயறு, கடலை இரண்டும் எட்டாத உயரத்தில். மூக்கில் போட்டுக்கொள்வாள்.

10 மணி

பழம். வாழைப்பழம், பப்பாசி, கொய்யா என்றால் விதை எடுத்து. சிறிய துண்டாக. திராட்சை இருந்தால் நீளவாட்டில் நான்காக வெட்டி. முறுக்கு, நிலக்கடலை, டொபி வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி அன்பாகத்தான் கொடுப்பார், "அவளுக்கு அப்புறம் கொடுக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10.20 முதல் 11.30

வீட்டு வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லீக்ஸ் கழுவட்டும், துணிக்குச்சியை எடுத்துத் தரட்டும். அந்த நேரம் பாட்டு, கதை. நீங்கள் எனக்குப் பாடிய தாலாட்டை அவளும் கேட்கட்டும். தொலைக்காட்சி மட்டும் நிறுத்தி இருக்க வேண்டும். பக்கத்து அறையில் சும்மா ஓடினாலும் அவள் விளையாட்டை விட்டுவிட்டு அதையே பார்க்கிறாள், பேச்சும் குறைகிறது. உங்கள் நாடகத்தை அவள் தூங்கியதும் நிம்மதியாகப் பாருங்கள், சத்தத்தை மட்டும் குறைத்து. அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது, சமையல்கூடச் செய்ய வேண்டாம்.

11.30 மதியச் சாப்பாடு

சோற்றைக் குழைத்து, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு மேசைக்கரண்டி நெத்தலித் தூள் அல்லது முட்டை அல்லது மீன். கீரை எந்த நாளும் நல்லது, இறக்கியதும் தேசிக்காய் இரண்டு சொட்டு விடுங்கள். கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள புளிப்புப் பழச்சாறு உதவும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேருங்கள், பிள்ளைக்குச் சின்ன வயிறு, கொஞ்சத்திலேயே பலம் வேண்டும். உப்பு குறைவாக, உறைப்பு வேண்டாம். ஒரு கோப்பையில் முக்கால் அளவு சாப்பிட்டால் நல்ல சாப்பாடு. சில நாள் நாலு வாய்தான் இறங்கும். அன்றைக்குக் கவலைப்பட வேண்டாம், வாரம் முழுவதும் பார்த்தால் சரியாக வரும். சாப்பிடாத நாளில் மேசையில் போன் வரக் கூடாது, உங்கள் போனும் கூட.

12 மணி

கால் கழுவி, நெப்பி மாற்றி, திரை இழுத்து, கம்பளிக்குள் படுக்க வைத்துத் தட்டிக் கொடுங்கள். ஊஞ்சலும் தோளும் வேண்டாம், படுக்கையிலேயே தூங்கட்டும். பத்து நிமிடம் புரளும், பிறகு போய்விடும். அவள் தூங்கும் அறைக்கும் விறகு அடுப்புக்கும் இடையில் கதவு சாத்தியிருக்கட்டும், புகை போனால் இருமல் தொடங்கும்.

2.15 ஆனதும் எழுப்புங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பலாமா என்று கேட்பீர்கள். எழுப்பத்தான் வேண்டும். இரவு பத்தேகால் மணி நேரம், பகல் இரண்டு, ஆகப் பன்னிரண்டே கால். இந்த வயதில் 11 முதல் 14 மணி நேரம் தேவை, அவளுக்கு இது போதும். திரையைத் திறந்து முதுகைத் தடவினால் தானே எழும்புவாள். அப்போது நான் வந்துகொண்டிருப்பேன்.

நான் வந்த பிறகு

3 மணிக்கு ஒரு கோப்பை பால், அதோடு பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த வத்தாளைக் கிழங்கு. நாள் முழுவதும் மாட்டுப்பால் அரை லீட்டருக்கு மேல் போக வேண்டாம், அதற்கு மேல் குடித்தால் சோற்றுக்கு இடமிருக்காது. 4 மணிக்கு வானம் விட்டிருந்தால் நான் கூட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடப்பேன். 5.15க்கு வெந்நீரில் குளியல், நேரம் தள்ளினால் குளிர் இறங்கிவிடும்.

5.45க்கு அவளுடைய அப்பா கொழும்பிலிருந்து வீடியோவில் வருவார். இது ஒன்றுதான் நாங்கள் விட்டுக்கொடுத்த திரை. அதில் அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, அப்பா கேட்பார், இவள் பதில் சொல்வாள், செருப்பைத் தூக்கிக் காட்டுவாள். பத்து நிமிடம். பேசி முடிந்ததும் போன் அலமாரிக்கு மேல் போகும். அழுதாலும் போகும்.

6.15க்கு இரவுச் சாப்பாடு, 7 மணிக்குப் படப் புத்தகம், 7.30க்குப் பால், பல் தேய்த்தல் (பேஸ்ட் ஒரு அரிசியளவு), 7.45க்கு விளக்கு அணைப்பது.

புதன்கிழமைகளில் எனக்குப் பின்னேர வகுப்பு இருக்கிறது, 4.15 ஆகும். அன்று 3 மணிப் பாலும் கிழங்கும் நீங்கள் கொடுங்கள். காய்ச்சல், வாந்தி என்றால் உடனே அழையுங்கள், வகுப்பில் இருந்தாலும் எடுப்பேன். மூச்சு இழுத்தால், வலிப்பு வந்தால் எனக்கு முன்னால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேளுங்கள். கிளினிக் புத்தகம் மேசையின் முதல் லாச்சியில், டோர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது.