ரொறன்ரோவில் இருக்கும் வத்சலாவுக்கு

வத்சலா,

உன் குரல்பதிவுகளை எல்லாம் கேட்டேன், கடைசியில் நீ அழுததையும் சேர்த்து. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டெங்குதான். ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில், வீட்டில், என் கட்டிலில் சாய்ந்திருந்து இதை எழுதுகிறேன். டிக்கெட் ஒன்றும் போட்டுவிடாதே.

சுமதி அனுப்பிய படத்தில் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தானே இவ்வளவு பயந்தாய்? அது ஒன்றுமில்லை. குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனதால் ஏற்றினார்கள். சுமதியைப் பேசாதே, அவளும் பாவம், பயந்துபோய்த்தான் அனுப்பியிருக்கிறாள்.

பிளேட்லெட் 28,000க்கு இறங்கியது உண்மை. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, ஆகவே கேட்டதும் உனக்குப் பக்கென்றிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வோர்டில் டொக்டர்மார் அந்த இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்பதுதான் அவர்களுடைய கவலை. அதனால் நான் குடிப்பதையும் சிறுநீர் போவதையும் மில்லிலீட்டர் கணக்கில் அளந்து எழுதினார்கள். மிஸ் ஒரு பிளாஸ்டிக் அளவுக் கோப்பையைத் தந்து, "இதில் அளக்காமல் ஒரு சொட்டும் போகக்கூடாது" என்றார். வெட்கம், மானம் எல்லாம் முதல் நாளோடு போச்சு. பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா தன் கோப்பையையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உங்களுக்குத்தான் கூட" என்று அரைகுறைத் தமிழில் சொன்னா. அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

உண்மையாகவே பயந்த நேரமும் இருந்தது, உன்னிடம் அதை மறைக்கவில்லை. காய்ச்சல் விட்ட அன்றுதான் அது. அம்மா நேர்த்தி வைத்த கோவிலுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தா. டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுள்ள ஒன்றிரண்டு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்றார். அன்று இரவு வயிறு நொந்தது, நித்திரை இல்லை. பிள்ளைகளின் ஞாபகம் வந்தது, உன் ஞாபகமும் வந்தது. விடிய எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் திரும்பத் தொடங்கியிருந்தது. கடைசியாக எடுத்ததில் பிளேட்லெட் 1,65,000.

இப்போது எப்படி என்றால், களைப்பு. சாதாரணக் களைப்பு இல்லை. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும். மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இரண்டாவதில் நின்று மூச்சு வாங்குகிறேன். உள்ளங்கையும் பாதமும் ஒரே கடி, சொறிந்து சொறிந்து சிவந்துபோய்விட்டது. அது குணமாகும்போது வருவதுதானாம். மனமும் கொஞ்சம் சரியில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. டொக்டரிடம் கேட்டேன், சிலருக்குச் சில வாரம் இப்படி இழுக்கும், போகப் போகச் சரியாகும் என்றார். பனடோல் தவிர வேறு வலி மாத்திரை தொடக்கூடாது என்று சொன்னதைக் கேட்டு நடந்தேன். நீ அனுப்புவதாகச் சொன்ன கனடா மருந்து ஒன்றும் வேண்டாம்.

அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. தெம்பிலி, கஞ்சி, ஜீவனி என்று மணிக்கொரு கோப்பை. பப்பாசி இலைச் சாறும் பிழிந்து கொண்டுவந்தா. அந்தக் கசப்புக்கு டெங்குவே பரவாயில்லை.

இரண்டாம் முறை வந்தால் மோசம் என்று எங்கேயோ வாசித்தாயே, அதில் உண்மை இருக்கிறது. வைரஸில் நாலு வகை. வந்துபோன வகை திரும்ப வருவது அரிது, வேறு வகை வந்தால்தான் கடுமையாகலாம். அதனால் இனி நுளம்பு வலை இல்லாமல் படுப்பதில்லை. பீ.எச்.ஐ. வந்து மாடி மாடியாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. மேல் வீட்டுப் பூச்சட்டித் தட்டில் புழு நெளிந்தது. அந்த அங்கிளுக்கு நான் இன்னும் நல்ல முகம் காட்டவில்லை.

லீவு போட்டு ஓடி வருகிறேன் என்கிறாய். இப்போது வந்தால் நான் படுத்துக் கிடப்பதைத்தான் பார்ப்பாய், அம்மா உனக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவா. மார்கழியில் பிள்ளைகளோடு வா. மோசமாக ஏதாவது நடந்தால் சுமதியிடமிருந்து இல்லை, என்னிடமிருந்தே கேட்பாய், அது சத்தியம்.

ஞாயிறு உன் காலை ஒன்பது மணிக்கு எடு, இங்கே பின்னேரம் ஆறரை, நான் முழித்திருக்கும் நேரம். வீடியோவில் எடுத்தாலும் சரி, ஆனால் முகம் வாடிப்போய் இருக்கிறது, பார்த்ததும் தொடங்கிவிடாதே. நீண்ட நேரம் கதைக்க ஏலாது, பத்து நிமிஷத்தில் அம்மா போனைப் பறித்துவிடுவா.

அன்புடன்,
கௌரி