நேற்று இரவு நான் அனுப்பிய மெசேஜ் பற்றி

எல்லாருக்கும் வணக்கம். நேற்று இரவு 9:42-க்கு இந்தக் குரூப்பில் நம் பொருளாளர் சாரைப் பற்றி ஒரு மெசேஜ் போட்டது நான்தான். என் அக்காவுக்கு எழுதியது, இங்கே வந்துவிட்டது. தவறான இடத்துக்கு வந்தது ஒரு தப்பு, அப்படி எழுதியதே அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்கிறேன். முதலில் சாரிடம், பிறகு உங்கள் எல்லாரிடமும்.

அந்த வரியை மறுபடி இங்கே எழுத மாட்டேன். மோட்டார் ரிப்பேர் செலவை அவர் இரண்டு தடவை எழுதிவிட்டார், கணக்கைக் கடமைக்குத்தான் போடுகிறார் என்பதுபோல் இருந்தது அது. இன்று காலை ஷீட்டை மறுபடி திறந்து வரி வரியாகப் பார்த்தேன். 14-வது வரி மெக்கானிக்குக் கொடுத்த அட்வான்ஸ், 19-வது வரி வேலை முடிந்தபின் கொடுத்த பாக்கி. பில் நம்பர் இரண்டுக்கும் ஒன்றுதான், தேதி மட்டும் வேறு. பக்கத்துக் கட்டத்திலேயே "அட்வான்ஸ்", "பாக்கி" என்று குறித்தும் வைத்திருக்கிறார். நான் போனில் பார்த்ததால் அந்தக் கட்டம் திரைக்கு வெளியே போயிருந்தது. தள்ளிப் பார்க்காமலேயே வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். கணக்கில் பிழை இல்லை.

அனுப்பிய பதற்றத்தில் "டெலிட் ஃபார் எவ்ரிஒன்" என்பதற்குப் பதிலாக "டெலிட் ஃபார் மீ"யை அழுத்திவிட்டேன். என் போனில் மட்டும் மறைந்தது, உங்கள் போனில் அப்படியே இருந்தது. அதன்பிறகு என்னால் அதை நீக்க முடியவில்லை. அட்மினிடம் சொல்லி, 10:15-க்கு அவர்தான் எல்லாருக்கும் நீக்கினார். அந்த அரை மணி நேரத்தில் யார் யார் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை எழுதுகிறேன்.

காலை 7 மணிக்கு சார் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்பு கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது அவருடையது, அதை நான் இங்கே சொல்வது சரியில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்து ஷீட்டோடு இணைக்கிற மனிதர் அவர். அவர் வேலையை எல்லாரும் பார்க்கும் இடத்தில் குறைத்துப் பேசிவிட்டேன். அது தவறு என்று அதே இடத்தில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

ஒரு வேண்டுகோள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலோ வேறு யாருக்காவது ஃபார்வர்ட் செய்திருந்தாலோ தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த மெசேஜுக்கு ரிப்ளை போட்டவர்கள் உங்கள் ரிப்ளையையும் நீக்கினால் நல்லது, மேலே அந்த வரி இன்னும் தெரிகிறது. இதற்கு ஆறுதலாக யாரும் பதில் போட வேண்டாம். "பரவாயில்லை" என்று வரிசையாக வந்தால் சாருக்குத்தான் சங்கடம்.

இனி கணக்கில் சந்தேகம் வந்தால் வரி எண்ணோடு நேராக அவரிடமே கேட்பேன்.

– பி பிளாக், 304