எர்கோனாமிக் கீபோர்டு வேண்டி விண்ணப்பம்

மதிப்பிற்குரிய அலுவலக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் பில் விவரங்களைப் பதிவு செய்யும் எனக்கு, கடந்த 3 மாதங்களாக வலது மணிக்கட்டில் வலி விட்டு விட்டு வருகிறது. மதியத்துக்கு மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், டீ டம்ளரைக்கூட இடக்கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தற்போதைய கீபோர்டில் மணிக்கட்டு எப்போதும் வெளிப்புறமாக வளைந்தே இருப்பதாகவும், நடுவில் பிரிந்து இருபுறமும் சரிந்த எர்கோனாமிக் கீபோர்டில் கை நேராக அமையும் என்றும் எலும்பு மருத்துவர் கூறினார். அவருடைய சீட்டை இணைத்துள்ளேன். எண் விசைகள் கீபோர்டோடு ஒட்டாமல் தனிப் பலகையாக உள்ள வகையாக இருந்தால், மவுஸையும் அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் அதை வாங்கித் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செ. மாலதி
கணக்கு உதவியாளர்