நாளைக்கு மேடை ஏறப் போகிறவளுக்கு

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படி வரும்டி, முதல் மேடை இல்லையா! கை சில்லிட்டுப் போவதும் நெஞ்சு படபடப்பதும் கோழைத்தனம் இல்லை. உடம்பு ஆடத் தயாராகிறது, அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் நிற்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடு. கொஞ்சம் தணியும்.

அலாரிப்பில் முதலில் கண்தானே அசையும்? அதை மட்டும் நினை. வர்ணம் வரும்போது வரட்டும்.

போன வாரம் ஒத்திகையில் ஒரு அடவை விட்டுவிட்டு, முகம் மாறாமல் அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொண்டாயே! பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே நீ சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாளைக்கும் அப்படித்தான் சமாளிப்பாய்.

சரி, சலங்கையை இறுக்கிக் கட்டு. முன் வரிசையில், இடது ஓரமாக நான் இருப்பேன்.