நீச்சல் குளம், ஜிம் நேரப் பதிவு: ஏப்ரல் 6 முதல் புதிய நடைமுறை

வடவள்ளி குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் வணக்கம்ங்க.

பள்ளிக் கோடை விடுமுறை நெருங்குவதால், 2026 ஏப்ரல் 6 திங்கள் முதல் பதிவு செய்தவர்கள் மட்டுமே குளத்திலும் ஜிம்மிலும் அனுமதிக்கப்படுவார்கள்.

ஒரு முறைக்கு குளத்தில் 24 பேர், ஜிம்மில் 10 பேர். குளம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நீந்துவோருக்கு நான்கு பாதைகள், பாதைக்கு 4 பேர். மூன்றடி ஆழமுள்ள பக்கம் பயிற்சியாளரோடு 8 குழந்தைகள். அதற்கு மேல் ஆள் இறங்கினால், கரையில் நிற்கும் ஒரே உயிர்காப்பாளரால் எல்லாத் தலைகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமே வராது. அதனால் "ஒருத்தர்தானுங்க, உட்டுருங்க" என்று காவலரிடம் கேட்க வேண்டாம்.

இன்னொரு காரணம் தண்ணீர். குளத்தில் நிற்பது சுமார் 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 20 லோடு. நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது, சுத்தம் செய்துதான் ஓட்ட வேண்டும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் உருவாகும் குளோரமைன்தான் கண் எரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் காரணம். வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது, ஆள் அதிகமாகி நல்ல குளோரின் தீர்ந்துபோனதன் அடையாளம். ஒவ்வொரு முறைக்கும் இடையே 15 நிமிடம் விட்டிருப்பது, குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் 7.2 முதல் 7.8 இருக்கிறதா என்று சோதிக்கத்தான்.

குளிக்காமல் இறங்கக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த தலையென்றால் சீயக்காய் போட்டு அலசிவிட்டு வாருங்கள். எண்ணெய் ஓடு ஓரத்தில் பிசுக்காகப் படியும், ஃபில்டர் மணலைக் கட்டியாக்கும். ஃபில்டரின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால், குளத்தை மூடி பேக்வாஷ் செய்ய வேண்டிவரும்.

நேரங்கள்: காலை 6, 7, 8, மாலை 4, 5, 6, 7. ஒவ்வொன்றும் 45 நிமிடம். காலை 8-ம் மாலை 4-ம் பெண்களுக்கு மட்டும். திங்கள் காலை குளம் பராமரிப்புக்காக மூடியிருக்கும், ஜிம் உண்டு.

பதிவு இரண்டு நாள் முன்பு இரவு 8 மணிக்குத் திறக்கும். குடியிருப்புச் செயலியில் "வசதிகள்" போய், நேரத்தைத் தொட்டு, வருபவர் ஒவ்வொருவர் பெயரையும் டிக் செய்து, "உறுதி செய்" அழுத்துங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் பொத்தானைத்தான். பச்சை நிறத்தில் பதிவு எண் தெரியாவிட்டால் இடம் பதிவாகவில்லை என்று பொருள். வீட்டுக்கு ஒரு நாளில் நான்கு இடம். விருந்தாளியும் அந்த நான்கில் ஒருவர்தான். செயலி இல்லாத பெரியவர்கள் காவலர் அறையில் சொன்னால் நோட்டில் எழுதி ஏற்றிவிடுவார்கள்.

வர முடியாதா, தயவுசெய்து ரத்து செய்யுங்கள். "என் பதிவுகள்" திறந்து அந்த நேரத்தைத் தொட்டு, வராதவர் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து, "ரத்து செய்" அழுத்தி, அடுத்து வரும் கேள்விக்கு "ஆம்" சொல்லுங்கள். பெயரைத் தேர்ந்தெடுக்காமல் மேலே உள்ள "முழுவதும்" பொத்தானை அழுத்தினால் வீட்டார் அனைவர் இடமும் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

காலை நேரங்களுக்கு முந்தின இரவு 9 மணிக்குள், மாலைக்கு இரண்டு மணி நேரம் முன்பு ரத்து செய்ய வேண்டும். காலியான இடம் காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போகும். அவர் 30 நிமிடத்துக்குள் "சரி" சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு. விடியற்காலை 5 மணிக்கு ரத்து செய்தால் எழுந்து பார்ப்பவர் யார்? அதனால்தான் இரவு 9 என்று வைத்தோம். இருந்தாலும், நேரம் தாண்டிவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தாமதமாக ரத்தான இடத்தை யாராவது எடுத்துக்கொண்டால், அது உங்கள் கணக்கில் வராத நாளாகச் சேராது.

ரத்தும் செய்யாமல், வராமலும் இருந்தது 30 நாளில் இரண்டு முறையானால் 7 நாள் பதிவு நிறுத்தப்படும். நேரம் தொடங்கி 10 நிமிடத்துக்குள் வராதவர் இடம் வாசலில் காத்திருப்பவருக்குத் தரப்படும்.

இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை யாரும் இறங்கக் கூடாது. மின்தடையில் ஃபில்டர் ஓடாது, டிரெட்மில்லுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லை. இப்படி நாங்கள் ரத்து செய்பவை உங்கள் கணக்கில் சேராது. ஓடும்போது கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நின்றுவிடும். எனவே கைப்பிடியை எட்டும் தூரத்திலேயே ஓடுங்கள்.

சந்தேகங்களுக்குக் காவலர் அறை, இன்டர்காம் 101, காலை 6 முதல் இரவு 9 வரை.

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழு