4-ம் எண் அறையில் மூட்டைப்பூச்சி: உங்கள் காலை மெசேஜுக்குப் பதில்

வணக்கம் மேடம்,

காலை 6:20-க்கு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அறைக்கு வந்து பேசினேன். அப்போது பாப்பா அழுதுகொண்டிருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுத்தில் தருவதே சரி என்று தோன்றியது. முதலில், மன்னித்துவிடுங்கள். குன்னூர் வந்த முதல் இரவே உங்கள் குடும்பத்தின் தூக்கம் கெட்டதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

நீங்கள் படம் எடுத்தது மூட்டைப்பூச்சிதான். நீங்கள் அறை மாறிய பிறகு மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். கட்டிலின் தலைப்பலகை இடுக்கில் உயிரோடு இரண்டு பூச்சிகளும், மெத்தையின் தையல் ஓரத்தில் கரும்புள்ளிகளும் இருந்தன. ஒவ்வொரு முறையும் விரிப்பை மாற்றுகிறோம், கம்பளியை உதறுகிறோம். ஆனால் தலைப்பலகையைக் கழற்றிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தக் குளிரில் மூட்டைப்பூச்சி எங்கே வரப்போகிறது என்ற அலட்சியமும் இருந்தது. உண்மையில் மலைக்குளிர் அதைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் மெதுவாக்குகிறது. பட்டினியாகவே பல மாதம் தாக்குப்பிடித்துவிடும்.

கடித்த இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூட்டைப்பூச்சி கடியால் மனிதருக்கு நோய் பரவியதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அரிப்புதான் தொல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றிக்கொடுங்கள். பாப்பா சொறிந்து புண்ணாக்காமல் நகத்தை வெட்டிவிடுவது நல்லது. வீக்கம் கூடினாலோ கொப்புளம் வந்தாலோ சொல்லுங்கள், நம் வண்டியிலேயே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். செலவு எங்களுடையது.

இப்போது நீங்கள் இருக்கும் 11-ம் எண் அறை பின்பக்கக் கட்டிடத்தில் இருக்கிறது. பக்கத்து அறையைத் தராததற்குக் காரணம், இந்தப் பூச்சி சுவர் இடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகக்கூடியது. 11-ல் நீங்கள் நுழைவதற்கு முன் மெத்தை, தலைப்பலகை, திரைச்சீலை மடிப்பு எல்லாவற்றையும் டார்ச் அடித்து நானே பார்த்தேன், ஒன்றும் இல்லை. உங்களுக்கும் திருப்தி வேண்டுமானால் கூப்பிடுங்கள், சேர்ந்தே இன்னொரு முறை பார்த்துவிடலாம்.

அடுத்தது உங்கள் பெட்டிகள். சென்னை வீட்டுக்கும் கூட வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. இது பறக்காது, தாவாது. பெட்டியின் மடிப்பிலோ துணியிலோ ஒளிந்து வந்தால்தான் உண்டு. அந்த வழியை இங்கேயே அடைத்துவிடலாம். இன்று நீங்கள் ஊட்டி ரயிலுக்குக் கிளம்பும்போது, துணிகளை எங்கள் லாண்டரி ஜிப் பைகளில் போட்டு மூடி அறை வாசலில் வையுங்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டி, மாலை 5 மணிக்குள் தந்துவிடுகிறோம். வெயிலில் போட்டால் போதாதா என்று உங்கள் மாமியார் கேட்டார். இந்த மூடுபனியில் துணி காய்வதே பெரிய விஷயம், பூச்சி சாகிற சூடு வராது. அவருடைய பட்டுப்புடவையையும் ஸ்வெட்டர்களையும் மட்டும் தனிப் பையில் போடுங்கள், வெந்நீரில் பாழாகிவிடும். அவற்றுக்கு வேறு வழி பார்த்து, உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்போம். காலிப் பெட்டிகளின் தையலுக்கு நீராவி அடிக்கிறோம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க விரும்பினால் மாலை வரை காத்திருக்கிறோம்.

4-ம் எண் அறையைப் பூட்டிவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து பூச்சி ஒழிப்புக்காரர்கள் மதியம் வருகிறார்கள். 3, 5 எண் அறைகளையும் மேலே உள்ள 8-ஐயும் அவர்கள் சோதிப்பார்கள். அங்கே தங்கியிருப்பவர்களிடம் நானே நேரில் சொல்லிவிட்டேன். முதல் மருந்தில் முட்டைகள் தப்பிவிடலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் சோதித்துப் பார்த்து, சுத்தம் என்று உறுதியானால்தான் அறையைத் திறப்போம். (நீலகிரித் தைலம் தெளித்தால் ஓடிவிடும் என்று எங்கள் சமையல்காரர் காலையிலிருந்து சொல்கிறார். வாசனை வரும், அவ்வளவுதான்.)

பணம்: நேற்றைய இரவுக்கான வாடகை முழுவதையும் இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன். மீதி இரண்டு இரவும் இங்கேயே தங்கினால் அதற்கு வாடகை வேண்டாம். "இனி இங்கே தூக்கம் வராது" என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கட்டிய முன்பணம் முழுவதும் திரும்ப வரும், ரத்துக் கட்டணம் கிடையாது. வேறு நல்ல இடம் பார்த்து, பெட்டிகளைச் சுத்தம் செய்த பிறகு கொண்டுபோய் விடுவதும் எங்கள் வேலை.

ஊருக்குப் போன பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் வீட்டில் சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால், ஒரு படம் எடுத்து இதே எண்ணுக்கு அனுப்புங்கள். அங்கே ஆள் வைத்துப் பார்க்கும் செலவையும் நாங்கள் ஏற்கிறோம்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டிபன் உங்கள் அறைக்கே வரும். பாப்பாவுக்கு இட்லி தனியாகச் சொல்லியிருக்கிறேன். லாண்டரிப் பைகளையும் அதோடு கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
விடுதி மேலாளர்