சனிக்கிழமை இரவு உங்கள் ஆர்டர் தாமதமானது: மன்னிப்பும், பணம் திரும்ப வரும் விவரமும்

வணக்கம்,

நேற்று இரவு 7:40-க்கு நீங்கள் ஆறு பேருக்கான சாப்பாடு ஆர்டர் செய்தீர்கள், 8:25-க்குள் வந்துவிடும் என்று ஆப் சொன்னது, பை உங்கள் கைக்கு வந்தபோது மணி 10:20. மன்னித்துவிடுங்கள். இது நாங்கள் எல்லோருக்கும் அனுப்பும் ரெடிமேட் மெசேஜ் இல்லை. நேற்றைய பில், ஆப் பதிவு, கேமரா மூன்றையும் காலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஒரே சமையலறையிலிருந்து இரண்டு கடைப் பெயர்களில் ஆர்டர் போகிறது, இரண்டுக்கும் தனித்தனி டேப்லெட், ஆனால் பேக் செய்த பைகளை வைக்கும் அலமாரி ஒன்றுதான். நேற்று எட்டு மணி நெரிசலில் ஸ்டிக்கர் ரோல் தீர்ந்துபோனது. ஆர்டர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மார்க்கரில் பை மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களுடையதும் 47, இன்னொருவருடையதும் 47. உங்கள் பை 8:10-க்கே தயார், ஆனால் 8:20-க்கு வந்த டெலிவரி தம்பியிடம் மற்ற 47-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். பாதி வழியில் பில்லைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார், ஒருவரும் போனை எடுக்கவில்லை. அவர் திரும்பி வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போக, அடுத்த ஆள் கிடைத்து உங்கள் பை கிளம்பியபோது 9:50. டெலிவரி செய்த இரண்டு பேர் மீதும் ஒரு தப்பும் இல்லை, தயவுசெய்து அவர்களுக்கு ரேட்டிங்கைக் குறைக்காதீர்கள், எங்களுக்குக் குறையுங்கள்.

தாமதத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள், இரண்டு தடவையும் "கிளம்பிடுச்சு, வந்துட்டே இருக்கு" என்றார்கள். 8:50-க்கு அப்படிச் சொன்னதற்காவது, திரையில் 'எடுத்துச் சென்றாயிற்று' என்று இருந்தது என்று ஒரு காரணம் உண்டு. 9:30-க்குச் சொன்னது பச்சைப் பொய், பை அப்போது அலமாரியில்தான் இருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் கேன்சல் செய்துவிட்டு வேறு ஏதாவது ஏற்பாடு செய்திருப்பீர்கள், வந்த விருந்தினரைப் பசியோடு உட்கார வைத்திருக்க வேண்டியிருக்காது. அதோடு, அவ்வளவு நேரம் கிடந்த பையை அப்படியே அனுப்பியதும் தவறு. புதிதாகச் சமைத்திருக்க வேண்டும்.

இதை ஒட்டி அவசரமான ஒரு விஷயம்: மீதி எடுத்து வைத்திருந்தால் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். சமைத்த சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருக இடமுண்டு, சில கிருமிகள் விடும் நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட யாருக்காவது வயிற்று வலியோ வாந்தியோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் எங்களுக்கும் சொல்லுங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம்.

சரி, பணம். சாப்பாடு, பேக்கிங், டெலிவரி கட்டணம், வரி எல்லாம் சேர்த்து நீங்கள் கட்டிய முழுத் தொகையும் இன்று காலை திருப்பி அனுப்பியாகிவிட்டது. நீங்கள் கொடுத்த டிப்ஸ் டெலிவரி தம்பியிடமே இருக்கும், அந்தத் தொகையை எங்கள் கையிலிருந்து சேர்த்திருக்கிறோம். கட்டிய அதே கார்டுக்குத்தான் வரும், வங்கியைப் பொறுத்து 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம். பரிவர்த்தனை எண்ணைத் தனி மெசேஜில் அனுப்பியிருக்கிறேன், அதற்குள் வராவிட்டால் வங்கியில் அதைக் காட்டிக் கேளுங்கள், இல்லை என்னிடம் சொல்லுங்கள், நானே துரத்துகிறேன்.

இது போக, அதே ஆறு பேர் சாப்பாடு இன்னொரு நாள் எங்கள் செலவில். 90 நாளுக்குள் எந்த நாளும் சரி, கூப்பன், குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது, முந்தின நாள் இந்த எண்ணுக்கு நேரத்தை மட்டும் எழுதினால் போதும். எங்கள் சாப்பாடே இனி வேண்டாம் என்று இருந்தால் அதுவும் நியாயம்தான், அந்த மதிப்பையும் பணமாகவே அனுப்பிவிடுகிறேன். நீங்கள் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனத்தை எடுக்க வேண்டியதில்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்று முதல் முழு ஆர்டர் எண்ணும் பெயரும் இல்லாமல் பை வெளியே போகாது. இரண்டு கடைப் பெயருக்கும் அலமாரியைப் பிரித்துவிட்டோம். 20 நிமிடத்துக்கு மேல் நின்ற சூடான சாப்பாடு திரும்பச் சமைக்கப்படும். போன் எடுப்பவர் அலமாரியைக் கண்ணால் பார்க்காமல் "கிளம்பிடுச்சு" என்று சொல்லக் கூடாது. சமாளிக்க முடியாத நெரிசல் என்றால் ஆப்பில் ஆர்டரை நிறுத்தி வைப்போம், அந்த அரைமணி வியாபாரம் போனால் போகட்டும்.

இன்னொரு நாள் சாப்பாடா, பணமா என்று மட்டும் இதற்குப் பதில் போடுங்கள். பேச வேண்டும் என்றால் வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன்.

சமையலறைப் பொறுப்பாளர்